கல்யாண மண்டப விளம்பரத்துக்கு என்ன எழுதுவது: கொழும்பில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

வானொலிக்கும் பேஸ்புக் வீடியோவுக்கும் விளம்பரம் எழுதிக் கொடுப்பது என் தொழில். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்து மண்டபக்காரர் பலருக்கு எழுதியிருக்கிறேன். எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததில் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

"முப்பது செக்கன்ல என்னத்தைச் சொல்லுறது? பாட்டு வந்து போகவே பத்து செக்கன் போயிடும்."

பாட்டை மூன்று செக்கனுக்குள் முடியுங்கள். அவசரப்படாமல் வாசித்தால் முப்பது செக்கனில் 55, 60 தமிழ்ச் சொல் போகும். அதில் தொலைபேசி இலக்கத்தை இரண்டு தரம் சொல்ல ஏழெட்டுச் செக்கன் போய்விடும். மிச்சத்தில் நாலு விஷயம் வந்தால் போதும்: எத்தனை பேர் இருக்கலாம், வாகனம் எங்கே விடலாம், சாப்பாடு யார் சமைப்பது, நாள் கிடைக்குமா.

இந்த நாலையும் ஏன் பிடித்துக்கொள்கிறேன் என்றால், மண்டபத்துக்கு வரும் அழைப்பில் முதல் இரண்டு நிமிடம் இதைத்தான் கேட்கிறார்கள். "கனவுக் கல்யாணம்", "ராஜ உபசாரம்" என்பதைப் பற்றி ஒருவரும் போன் எடுத்துக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"எத்தனை பேர் கொள்ளும் எண்டதுக்கு எந்த நம்பரைச் சொல்லட்டும்? அப்பா காலத்தில இருந்து 500 எண்டுதான் சொல்லுறம்."

இந்தக் கேள்வி வந்தால் நான் அளவு நாடாவோடு மண்டபத்துக்கே போய்விடுவேன். இதைக் கேட்டவரின் மண்டபம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே. மேல்மாடியில் மணவறை மண்டபம், கீழே சாப்பாட்டு மண்டபம். மேலே 60 அடிக்கு 50 அடி, அதாவது 3,000 சதுர அடி. 500 என்ற கணக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். மொத்தத்தை ஆறால் வகுத்திருக்கிறார்கள். அப்பா காலத்தில் மணவறை சின்னதாக இருந்திருக்கலாம், வீடியோக்காரரும் ஒருவராக இருந்திருக்கலாம்.

இப்போது மணவறை, அதன் முன்னால் ஐயர் இருக்கும் இடம், தாரை வார்க்கும்போது உறவினர் வந்து சூழ்ந்து நிற்கும் இடம், கமராக்காரர் மேடை எல்லாம் சேர்ந்து 600 சதுர அடி போகிறது. மீதி 2,400. ஒரு கதிரை ஒன்றரை அடி அகலம். முன்வரிசைக்காரரின் முதுகிலிருந்து பின்வரிசைக்காரரின் முதுகுக்கு மூன்று அடி விட்டால்தான் சேலை கட்டியவர்கள் இடிபடாமல் போய் வரலாம். அதுவே நாலரை சதுர அடி. நடு வழி, இரண்டு கரை வழி, வாசலை மறைக்காமல் விடும் இடம் எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு எட்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும். 2,400ஐ எட்டால் வகுத்தால் 300. நம்பாமல் கதிரையை அடுக்கியும் பார்த்தோம். 296 போட்டதும் கதிரை போடும் பையன் நிமிர்ந்து, "அண்ணை, இனிப் போட்டா கதவு திறக்காது" என்றான்.

அதோடு கீழே எத்தனை இலை விழும் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மண்டபத்தில் ஒரு பந்திக்கு 120. ஆகவே விளம்பரத்தில் போன வரி: "மணவறைக்கு முன்னால் 300 பேர் இருந்து பார்க்கலாம், ஒரு பந்தியில் 120 பேர் சாப்பிடலாம்." ஒரே ஒரு பெரிய இலக்கத்தைவிட இந்த இரண்டு இலக்கமும்தான் கல்யாணவீட்டாருக்கு உதவும்.

"பக்கத்து மண்டபக்காரர் 600 எண்டு போடுறார். நான் 300 எண்டா ஆர் என்னட்ட வருவினம்?"

நியாயமான பயம். ஆனால் நம் கல்யாணங்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் இருப்பதில்லை. முகூர்த்தத்துக்கு நெருங்கிய சொந்தம் வரும், கந்தோர் ஆட்கள் பதினொரு மணிக்குப் பிறகு எட்டிப் பார்ப்பார்கள், சிலர் என்வலப்பைக் கொடுத்துவிட்டு நேரே சாப்பாட்டுக்கு இறங்குவார்கள். 300 கதிரை உள்ள மண்டபத்தில் 450 பேர் வந்து போவது பெரிய காரியமில்லை. அதை அப்படியே சொல்லுங்கள்: "ஒரே நேரத்தில் 300 பேர், வந்து போக 450 பேர்."

பக்கத்துக்காரரின் 600ஐயும் உற்றுக் கேளுங்கள். பெரும்பாலும் மேல், கீழ், பல்கனி எல்லாம் கூட்டிய கணக்காக இருக்கும். பார்க்க வருகிற ஆட்கள் கதிரையை எண்ணுவார்கள். 600 என்று கேட்டு வந்து 350 கதிரையைக் கண்டவருக்கு அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதிலும் நம்பிக்கை வராது.

"பார்க்கிங் வசதி உண்டு எண்டு ஒரு சொல்லோட விடலாம் தானே?"

விடலாம். அந்த ஒரு சொல்லால் நானே ஒரு முறை மாட்டுப்பட்டிருக்கிறேன். ஒரு மண்டபத்துக்கு "விசாலமான வாகனத் தரிப்பிடம்" என்று எழுதிக் கொடுத்தேன், போய்ப் பார்க்காமல். ஆறு மாதம் கழித்து என் சொந்த மச்சாளின் கல்யாணம் அதே மண்டபத்தில். அரை மணித்தியாலம் சுற்றிவிட்டு நாலு ஒழுங்கை தள்ளிக் காரை விட்டோம். பட்டுச் சேலையோடு வெயிலில் நடந்து வந்த பெரியம்மா வாசலில் நின்று கேட்டா, "ஆர் பிள்ளை இந்த விசாலத்தை எழுதினது?" நான் வாய் திறக்கவில்லை.

ஆகவே எண்ணிச் சொல்லுங்கள், அதுவும் வெறும் நாளில் எண்ணாமல் கல்யாண நாளில் எண்ணுங்கள். வெள்ளவத்தை மண்டபத்தில் கோடு போட்ட இடம் 34. ஆனால் காலையில் மணவறை சோடிக்கிறவர்களின் லொறி, சமையல்காரரின் வான், மேளகாரரின் வான், மாப்பிள்ளை பெண் கார்கள், ஜெனரேட்டர் பக்கம் மறிக்காமல் விடும் இடம் எல்லாம் போக விருந்தினருக்கு மிஞ்சியது 26. விளம்பரத்தில் 26தான் போனது. 300 பேரில் பாதிப்பேர் காரில், காருக்கு நாலு பேராக வந்தாலும் 37, 38 கார் வரும். பத்துப் பன்னிரண்டு காருக்கு இடமில்லை என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் வாடகைக்கு எடுக்கக்கூடிய வளவு இருந்தால் அதைக் கேட்டு ஒழுங்கு பண்ணிவிட்டு, அதையும் சொல்லுங்கள். ஒழுங்கு பண்ணாமல் "அருகிலும் நிறுத்தலாம்" என்று சொல்லாதீர்கள். காலி வீதிக் கரையில் விட்டுவிட்டுப் போனவர் பொலிஸ் எழுதிய சீட்டை உங்களிடம்தான் கொண்டுவருவார்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ பஸ் பிடித்து வருகிற கல்யாணங்கள் உண்டு. பஸ் வாசல்வரை வருமா, இறக்கிவிட்டு எங்கே போய் நிற்கும் என்பது அவர்களுக்குக் காரைவிட முக்கியம். ஒரு வரி ஒதுக்குங்கள்.

"வெளிச் சாப்பாடு நாங்கள் விடுறேல்லை. அதை ரேடியோவில சொன்னா ஆக்கள் பயந்து ஓடிடுவினமே?"

ஓடுகிறவர் எப்படியும் ஓடுவார். ரேடியோ கேட்டு ஓடினால் உங்களுக்கு ஒரு போன் அழைப்பு மிச்சம். மண்டபத்தைப் பார்த்து, நாள் குறித்து, ஊரிலிருந்து சமையல்காரரையும் பேசிவிட்ட பிறகு ஓடினால் சண்டையில்தான் முடியும். சாப்பாட்டு விதியை விளம்பரத்தில் மறைத்த மண்டபங்களில்தான் முற்பணத் தகராறு கூடுதலாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சொல்லும்போது தடையைத் தனியாகச் சொல்லாமல் என்ன கிடைக்கும் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். "சாப்பாடு எங்கள் சமையலறையிலிருந்து மட்டும், ருசி பார்த்த பிறகு முற்பணம் கட்டலாம்" என்றால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். வெளிச் சமையல்காரரை விடுகிற மண்டபமென்றால் சமையலறைக் கட்டணம் உண்டு என்ற சொல் விளம்பரத்திலேயே வர வேண்டும், தொகையைப் போனில் சொல்லலாம். மிச்ச விதிகள் விளம்பரத்துக்கு வேண்டாம், பற்றுச்சீட்டின் பின்பக்கத்துக்கு: காலைக் கல்யாணத்துக்குச் சமையல்காரர் எத்தனை மணிக்கு உள்ளே வரலாம் (விடிய மூன்று மணிக்கு வந்து கேற்றைத் தட்டுவார்கள்), காஸ் சிலிண்டர் யாருடையது, கிடாரம் யார் கழுவுவது, சாப்பிட்ட இலையை யார் அகற்றுவது. கடைசி இரண்டையும் எழுதாமல் விட்டால் பின்னேரம் நாலு மணிக்கு உங்கள் காவலாளிதான் இலை அள்ளுவார்.

"சைவம் மட்டும் எண்டு போட்டா 'சைவக்காரருக்கு மட்டும்' எண்டு விளங்கிடாதோ?"

விளங்கும், கொழும்பில் நிச்சயமாக விளங்கும். ஒரு கிறிஸ்தவக் குடும்பம் அப்படி நினைத்து வேறு மண்டபம் எடுத்தது எனக்குத் தெரியும். "மரக்கறிச் சாப்பாடு மட்டும்" என்று எழுதுங்கள், குழப்பம் இல்லை. மச்சம் விடுகிற மண்டபமென்றால் "மச்சமும் சமைக்கலாம்" என்று நேரே சொல்லுங்கள். முட்டை போட்ட கேக் வெட்டலாமா என்பது தனிக் கேள்வி. கோயிலோடு சேர்ந்த மண்டபங்களில் இதற்காகவே அழைப்பு வரும், போன் எடுப்பவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

மதுவைப் பற்றி விளம்பரத்தில் ஒன்றும் வேண்டாம். ஆனால் பின்னேர வரவேற்புக்கு எடுக்கிறவர் கேட்பார். போயா நாளென்றால் மதுக்கடையும் பூட்டு, இறைச்சிக்கடையும் பூட்டு. திகதி சொல்லும்போதே அன்று போயாவா என்று கலண்டரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

"பிளேட் விலையைச் சொன்னா நிறையப் பேர் எடுப்பினம். 3,000 ரூபா எண்டு போடட்டோ?"

3,000 என்பது அவர் கடைசியில் கட்டும் தொகையா? நீங்கள் பத்து வீதம் சேவைக் கட்டணம் எடுத்தால் அது 3,300 ஆகும். வற் வரிக்குப் பதிந்த மண்டபமென்றால் அதன் மேல் 18 வீதம், 594 ரூபா. மொத்தம் 3,894. 300 பேருக்கு இந்த வித்தியாசம் மட்டும் 2,68,200 ரூபா. ரேடியோவில் 3,000 கேட்டு வந்த அப்பாவுக்கு இது மண்டப வாடகை இன்னொரு தரம் கட்டுகிற மாதிரி.

ஆகவே ஒன்றில் "எல்லாம் உட்பட 3,900" என்று போடுங்கள், அல்லது விலையே வேண்டாம். மரக்கறி விலை ஏறி இறங்குகிற நாட்டில் எட்டு மாதத்துக்குப் பிந்திய கல்யாணத்துக்கு இன்று விலை சொல்வதை நான் விரும்புவதில்லை. சொல்லியே ஆக வேண்டுமென்றால் எந்தத் திகதிவரைக்கும் அந்த விலை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முப்பது செக்கனில் இடம் வராது.

"எந்தத் திகதி வெறுமையா இருக்கு எண்டு சொல்லலாமோ? நாளைக்கே ஆராவது எடுத்தா விளம்பரம் பொய்யாப் போயிடும்."

தனித் திகதி சொல்லாதீர்கள், மாதத்தைச் சொல்லுங்கள். அதுவும் தமிழ் மாதத்தை. நம்மவர்கள் ஆடி, புரட்டாதி, மார்கழியில் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. லண்டன், கனடாவிலிருந்து வருகிறவர்களுக்கோ பள்ளிக்கூட லீவு ஜூலை, ஆகஸ்டில். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி போய்விடுகிறது. மிஞ்சுவது ஆனிக் கடைசியும் ஆவணி முதல் இரண்டு வாரமும்தான். வெளிநாட்டுச் சொந்தங்கள் உள்ள எல்லாரும் அந்த நாலைந்து கிழமைக்குள் விழுந்தடித்து நாள் தேடுகிறார்கள். அந்த நாட்களுக்கு விளம்பரமே தேவையில்லை.

ஆகவே விளம்பரத்தை ஐப்பசி, கார்த்திகை, மாசி போன்ற மாதங்களுக்கும் வார நாட்களுக்கும் திருப்புங்கள். "ஆவணிக் காலை நாட்கள் முடிந்துவிட்டன, ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் உண்டு" என்ற வரி இரண்டு வேலை செய்யும். கிடைக்காததைத் தேடி வரும் அழைப்பு குறையும், மற்றதைக் கேட்கும் ஆட்களும் கொஞ்சம் அவசரப்படுவார்கள்.

"ஒரே நாளை ரெண்டு பேர் கேக்கினம். பென்சிலில எழுதி வைச்சனான், இப்ப ரெண்டு பேரும் சண்டை."

பென்சிலில் எழுதினால் எத்தனை நாளைக்கு என்று அப்போதே சொல்லிவிடுங்கள். நான் பார்த்த நல்ல மண்டபங்கள் மூன்று நாள் வைத்திருக்கும், நாலாம் நாள் காலையில் அழைத்துக் கேட்டுவிட்டு அழித்துவிடும். பெண்வீடு ஐயரிடம் கேட்க வேண்டும், மாப்பிள்ளைவீடு வேறு ஐயரிடம் கேட்க வேண்டும். ஒரு வீட்டார் வாக்கியம் பார்ப்பவர்கள், மற்றவர் திருக்கணிதம் பார்ப்பவர்கள் என்றால் முகூர்த்த நேரமே மாறி வரலாம். மூன்று நாளில் முடியாது என்பவர் ஒரு சிறு தொகை கட்டி நீட்டிக்கட்டும். விளம்பரக் கடைசியில் "முகூர்த்த நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்" என்று நான் எழுதுவது இதற்காகத்தான். பாதிப் பென்சில் எழுத்து அதிலேயே குறைந்துவிடும்.

"காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு எண்டு ரெண்டு கல்யாணம் எடுக்கலாம் எண்டு விளம்பரத்தில போடலாமோ?"

முதலில் பந்திக் கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன மண்டபத்தில் ஒரு பந்திக்கு 120. உட்கார்ந்து எழும்ப நாற்பது நிமிடம், இலை எடுத்து மேசை துடைக்கப் பத்து நிமிடம். 300 பேருக்கு மூன்று பந்தி, இரண்டரை மணித்தியாலம். முகூர்த்தம் 11.30க்கு முடிந்து முதல் பந்தி 11.45க்கு விழுந்தால் கடைசிப் பந்தி எழும்பி மேசை துடைத்து முடிய 2.15. படம் எடுத்து, சாமான் கட்டி, மணவறை கழற்றி வெளியேற நாலு மணி. பின்னேரக்காரரின் சோடனைக்கு ஐந்து மணித்தியாலம் வேண்டுமென்றால் அவர்களுடைய வரவேற்பு இரவு ஒன்பதுக்குத்தான் தொடங்கும். ஆகவே 300 பேர் கல்யாணமென்றால் ஒரு நாளுக்கு ஒன்றுதான். காலை முகூர்த்தம் ஒன்பதுக்கு முன் என்றால், அல்லது 150 பேருக்குள் என்றால் இரண்டு எடுக்கலாம். விளம்பரத்தில் "அரைநாள் வாடகையும் உண்டு" என்ற சொல் போதும், எத்தனை மணிக்கு வெளியேற வேண்டும் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதுங்கள்.

"எல்லாத்தையும் சேர்த்து ஒருக்கா எழுதிக் காட்டுங்கோவன்."

அந்த மண்டபத்துக்கு முதலில் இருந்தது இது:

"கொழும்பின் இதயத்தில் ஒரு கம்பீர மண்டபம்! 500 பேருக்கு மேல் அமரக்கூடிய குளிரூட்டப்பட்ட அரங்கு. விசாலமான வாகனத் தரிப்பிடம். நாவூறும் உணவு வகைகள். உங்கள் பொன்னான நாளை இன்றே பதிவு செய்யுங்கள். முந்துங்கள்!"

நான் மாற்றியது இது:

"வெள்ளவத்தையில் கல்யாண மண்டபம் தேடுகிறீர்களா? மணவறைக்கு முன்னால் 300 பேர் இருந்து பார்க்கலாம். ஒரு பந்தியில் 120 பேர் சாப்பிடலாம். உள்ளே 26 கார் விடலாம், பஸ் வாசல்வரை வரும். மரக்கறிச் சாப்பாடு மட்டும். உங்கள் சமையல்காரரையே கொண்டுவரலாம், சமையலறைக்குத் தனிக் கட்டணம். ஆவணிக் காலை நாட்கள் முடிந்துவிட்டன, ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் உண்டு. முகூர்த்த நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்." பிறகு இலக்கம், இரண்டு தரம்.

குளிரூட்டி எங்கே என்று முதலாளி கேட்டார். கொழும்பில் ஏசி இல்லாத கல்யாண மண்டபத்தை யார் பார்க்க வருவார்கள்? அதைச் சொல்லும் செக்கனில் பஸ்ஸைச் சொல்லிவிட்டேன்.

"சிங்கள ஆக்களும் முஸ்லிம் ஆக்களும் கேக்கினம். இதையே மொழிபெயர்த்தாப் போதாதோ?"

போதாது, ஏனென்றால் இலக்கமே மாறும். போருவ வைத்து வட்ட மேசை போடுகிற கல்யாணத்தில் விருந்தினர் இருக்கும் இடத்திலேயே சாப்பிடுவார்கள். பத்துப் பேர் மேசைக்கு நடக்கும் வழியும் சேர்த்து ஆளுக்குப் பதினாலு சதுர அடி வேண்டும். அதே 2,400இல் பதினேழு மேசை, 170 பேர். தமிழில் 300 என்று சொன்ன வாயால் சிங்களத்தில் 170 என்று சொல்ல வேண்டும், அது பொய் அல்ல. முஸ்லிம் கல்யாணத்துக்குப் பெண்களுக்கு வேறு மண்டபம் தர முடியுமா, ஹலால் சமையல்காரரை விடுவீர்களா என்பதே முதல் கேள்வி. மரக்கறி மட்டும் என்ற மண்டபத்துக்கு அந்த விளம்பரம் செய்து காசைக் கரைக்காதீர்கள்.

"300 எண்டு சொன்னம், 420 பேர் ஒரே நேரத்தில வந்திட்டினம். நிக்க இடமில்லை எண்டு எங்களைப் பேசினம். எங்களிலயோ பிழை?"

நீங்கள் 300 என்று சொல்லி, அதே 300 பற்றுச்சீட்டிலும் இருந்தால் பிழை உங்களில் இல்லை. விளம்பரத்தில் 500 சொல்லிவிட்டு இடம் இல்லாமல் போனால் கதை வேறு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் வியாபாரம் செய்வது குற்றம். முறைப்பாடு கொண்டுபோகிறவர் உங்கள் பேஸ்புக் வீடியோவையும் கையோடு கொண்டுபோவார்.

ஆகவே விளம்பரத்தின் ஒவ்வொரு இலக்கமும், 300, 120, 26, பற்றுச்சீட்டில் அதே சொல்லில் வர வேண்டும். மேலதிகக் கதிரை கேட்டால் எத்தனைவரை போடலாம், எந்த வழியை மறைக்க விடமாட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். மணவறையைப் பெரிதாக்கினாலோ தரிப்பிடத்தில் ஒரு கொட்டில் போட்டாலோ பழைய வீடியோவை அன்றைக்கே எடுத்துவிட்டு எனக்கு அழையுங்கள். திரும்ப அளக்க வருகிறேன். கதிரை போடும் பையனையும் நிற்கச் சொல்லுங்கள்.